அண்ணனுக்கு எஃப்.டி., தங்கைக்கு ஆர்.டி.: பாம்பன் குடும்பம் ஒன்றின் சேமிப்புக் கணக்கு

முதன்முதலாகச் சேமிக்கப் போகிறவர் வங்கியில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எஃப்.டி.யில வட்டி ஜாஸ்தியா, ஆர்.டி.யில ஜாஸ்தியா?" எஃப்.டி. என்பது ஒரு தொகையை மொத்தமாகக் குறிப்பிட்ட காலத்துக்குப் போட்டு வைப்பது, ஆர்.டி. என்பது மாதந்தோறும் ஒரே தொகையைக் கட்டிச் சேர்ப்பது. ஒரே வங்கியில் ஒரே காலத்துக்கு இரண்டின் வட்டி விகிதமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். ஆகவே அந்தக் கேள்விக்கு வரும் பதிலை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. வருமானம் எந்த மாதத்தில் வருகிறது, எந்த மாதத்தில் வராது என்பதுதான் இரண்டில் எது பொருந்தும் என்று சொல்லும். ராமநாதபுரம் கடற்கரையில் இந்த வேறுபாடு மற்ற ஊர்களைவிடக் கூர்மையானது. அங்கே ஒரே வீட்டில் ஒருவர் மாதச் சம்பளத்திலும் இன்னொருவர் கடல் பங்கிலும் வாழ்வது சாதாரணம்.

இந்த ஆய்வில் வரும் இருவரும் கணக்கை விளக்குவதற்காக உருவாக்கப்பட்டவர்கள். அந்தோணி பாம்பனில் விசைப்படகில் கூலிப் பங்குக்குப் போகிறவர். ரோஸ்லின் அவருடைய சித்தப்பா மகள். மண்டபத்தில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை, சம்பளம் மாதம் 14,000 ரூபாய். ஒரு கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, ஓராண்டில் 60,000 ரூபாய் சேர்ப்பது என்று இருவரும் முடிவு செய்தார்கள். அந்தோணிக்கு நாட்டுப்படகுக்கான நண்டு வலை வாங்க வேண்டும். ரோஸ்லினுக்கு பி.எட். படிக்க வேண்டும். கணக்கு எளிதாக இருக்க எல்லா இடத்திலும் ஆண்டு வட்டி 6.5 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டுவட்டி என்று வைத்துக்கொள்வோம். உண்மை விகிதம் வங்கிக்கு வங்கி, காலத்துக்குக் காலம் மாறும்.

முதல் ஆண்டில் இருவருமே தங்களுக்குப் பொருந்தாததைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தோணி மாதம் 5,000 ரூபாய்க்கு 12 மாத ஆர்.டி. தொடங்கினார். ரோஸ்லின் ஆர்.டி. வேண்டாம் என்று சேமிப்புக் கணக்கிலேயே பணம் சேர்த்து, 60,000 ஆனதும் எஃப்.டி. போடலாம் என்று காத்திருந்தார்.

3,996-ம் 2,143-ம்

ரோஸ்லின் ஆர்.டி.யை ஒதுக்கியதற்குக் காரணம் வங்கிச் செயலியில் இருந்த வட்டிக் கணக்குப் பக்கம். 60,000 ரூபாயை ஓராண்டு எஃப்.டி.யில் போட்டால் வட்டி 3,996 ரூபாய். மாதம் 5,000 வீதம் ஓராண்டு ஆர்.டி. கட்டினால், கட்டியது அதே 60,000, வட்டியோ 2,143 ரூபாய்.

"அண்ணே, ஒரே அறுபதாயிரம். பாதி வட்டிதான் தர்றான். நீங்க எதுக்கு ஆர்.டி. போடுறீங்க?" என்று அவர் கேட்டபோது அந்தோணியிடம் பதில் இல்லை.

பதில் இதுதான். எஃப்.டி.யில் 60,000 ரூபாயும் முதல் நாளிலிருந்தே வங்கியில் இருக்கிறது. ஆர்.டி.யில் முதல் தவணை மட்டும் 12 மாதம் இருக்கும். இரண்டாவது 11 மாதம், மூன்றாவது 10 மாதம், கடைசித் தவணை ஒரே மாதம். சராசரி பார்த்தால் ஒவ்வொரு ரூபாயும் ஆறரை மாதம் மட்டுமே வட்டி ஈட்டுகிறது. 60,000-க்கு 6.5 சதவீதத்தில் ஆறரை மாத வட்டியைப் போட்டுப் பாருங்கள், 2,112 வரும். கூட்டுவட்டி சேர்ந்து 2,143. வங்கி எதையும் குறைத்துக் கொடுக்கவில்லை. பணம் அங்கே இருந்த காலத்துக்கு அதே விகிதத்தில்தான் கொடுத்திருக்கிறது.

ஜனவரியில் கையில் 60,000 இருப்பவருக்குத்தான் அந்த 3,996 ரூபாய். ரோஸ்லின் கையில் அன்று இருந்தது ஒரு மாதச் சம்பளம். அவர் உண்மையில் ஒப்பிட வேண்டியிருந்தது வேறு இரண்டை: மாதம் 5,000 ரூபாயை ஆர்.டி.யில் கட்டுவதையும், அதே 5,000 ரூபாயைச் சேமிப்புக் கணக்கில் விட்டு வைப்பதையும். சேமிப்புக் கணக்கு வட்டி 2.5 சதவீதம் என்றால் ஆண்டு முடிவில் ஏறக்குறைய 812 ரூபாய் கிடைக்கும். ஆர்.டி.யில் 2,143. காத்திருந்ததற்கு முதல் ஆண்டிலேயே 1,331 ரூபாய் விலை.

இரண்டாம் ஆண்டில் அவர் எஃப்.டி. போட்டதும் அது சரியாகிவிடும் என்று நினைக்கலாம். ஆகாது. ஆர்.டி. முடிந்து வந்த 62,143 ரூபாயை ஓராண்டு எஃப்.டி. ஆக்கினால் 66,282 ஆகும். சேமிப்புக் கணக்கில் சேர்த்த 60,812 ரூபாயை அதேபோல் எஃப்.டி. ஆக்கினால் 64,862. வித்தியாசம் 1,420 ரூபாய். முதல் ஆண்டில் விட்டதன் மேல் வட்டியும் சேர்ந்து போயிருக்கிறது. ஆர்.டி. மொத்தத்தைச் சேர்த்துத் தரும், எஃப்.டி. சேர்ந்த மொத்தத்தை வளர்க்கும். முன்னது முடிகிற இடத்தில் பின்னது தொடங்குவதுதான் இயல்பு. ஒன்றுக்கு எதிராக மற்றொன்றை நிறுத்துவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

மேலே சொன்னதுகூட ரோஸ்லின் ஒரு ரூபாயும் எடுக்கவில்லை என்று வைத்துப் போட்ட கணக்கு. அவர் எடுத்தார். ஊர்த் திருவிழாவுக்கு ஜூலையில் 7,000. ஒரு கல்யாணத்துக்கும் செல்போனுக்குமாக செப்டம்பரில் 6,000. டிசம்பரில் இன்னொரு 6,000. ஆண்டு முடிவில் கணக்கில் இருந்தது 41,000 ரூபாயும் எழுநூறுக்கும் குறைவான வட்டியும். ஏ.டி.எம். அட்டையும் யு.பி.ஐ.யும் இணைந்த அதே கணக்கில் சேமிப்பும் கிடந்தால், எது செலவுப் பணம், எது படிப்புப் பணம் என்று கணக்குக்குத் தெரியாது. 1,331 ரூபாய் வட்டியைவிட இந்த 19,000 ரூபாய்தான் பெரிய இழப்பு. ஆர்.டி.யிலும் பணத்தை எடுக்க முடியும். ஆனால் பகுதியாக எடுக்க முடியாது, மொத்தக் கணக்கையும் மூட வேண்டும். ஏழாயிரத்துக்காக மூடுவதா என்ற தயக்கமே பெரும்பாலும் போதுமானது.

கடல் ஓடாத மாதங்கள்

அந்தோணியின் ஆண்டைப் புரிந்துகொள்ள அவருடைய பணம் வரும் வழியைப் பார்க்க வேண்டும். விசைப்படகு வாரத்தில் சில நாள்தான் கடலுக்குப் போகும். நாட்டுப்படகுகளுக்கு மற்ற நாட்கள். பிடிபட்டதை விற்று, டீசலும் ஐஸும் கழித்து, படகுக்காரர் பங்கு போக மீதிதான் ஆட்களுக்குப் பிரியும். காற்று பலமானால் மீன்துறை அனுமதிச் சீட்டு தராது. வேலைநிறுத்தம் என்றால் படகு கரையிலேயே நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆண்டுதோறும் தேதி மாறாமல் வருவதால், இதைத் திட்டத்தில் சேர்க்காமல் விடுவதற்கு எந்தச் சாக்கும் இல்லை.

அவருடைய ஆர்.டி. ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்தமாகும்படி வைக்கப்பட்டிருந்தது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நான்கு தவணையும் சரியாகப் போயின. மே 10 அன்று கணக்கில் பணம் இல்லை. ஜூன் 10 அன்றும் இல்லை. ஜூன் 15 அன்று கடல் திறந்தது. ஆனால் தடைக்காலத்தில் வீட்டுச் செலவுக்குப் படகுக்காரரிடம் வாங்கிய முன்பணம் முதல் சில முறை கடலுக்குப் போய் வந்த பங்கிலேயே கழிந்துபோனது. ஜூலையில்தான் மூன்று தவணையையும் சேர்த்துக் கட்டினார். பிறகு நவம்பரில் தொடர் மழையும் புயல் எச்சரிக்கையும். அந்தத் தவணை டிசம்பரில் போனது.

பாரத ஸ்டேட் வங்கி உட்படப் பல வங்கிகளில், ஐந்து ஆண்டு வரையான ஆர்.டி.க்குத் தாமதக் கட்டணம் 100 ரூபாய்க்கு மாதம் 1.50 ரூபாய். 5,000 ரூபாய்த் தவணைக்கு மாதம் 75. மே தவணை இரண்டு மாதத் தாமதம் 150, ஜூன் தவணை 75, நவம்பர் தவணை 75, ஆக மொத்தம் 300 ரூபாய். 2,143 ரூபாய் வட்டியில் இது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. பிடித்தம் தோற்கும் ஒவ்வொரு முறையும் சில வங்கிகள் தனிக் கட்டணமும் வசூலிக்கும்.

300 ரூபாய் பெரிய தொகையா என்று கேட்கலாம். அதை ஆண்டு வட்டியாக்கிப் பார்த்தால் தெரியும்: மாதம் 100-க்கு 1.50 என்பது ஆண்டுக்கு 18 சதவீதம். 6.5 சதவீதம் ஈட்டுவதற்காக, தாமதமான பணத்துக்கு 18 சதவீதம் கொடுக்கிறார். தவணை தொடர்ந்து நின்றுகொண்டே போனால் வங்கி கணக்கையே மூடிவிடும். ஆறு தவணை தொடர்ந்து வராவிட்டால் மூடுவது என்ற விதி சில வங்கிகளில் உண்டு.

இதைவிடக் கண்ணில் படாத இழப்பு நல்ல மாதங்களில் நடந்தது. தடை முடிந்த கையோடு இறால் நன்றாகப் படும் வாரங்களில் கையில் இருபதாயிரம் நின்றாலும், ஆர்.டி. அதில் 5,000-க்குத்தான் வட்டி தரும். தவணையை முன்கூட்டிக் கட்டினால் வங்கி வாங்கிக்கொள்ளும், கூடுதல் வட்டி பெரும்பாலும் தராது. மீதிப் பணம் வீட்டிலோ சட்டைப்பையிலோ நின்றது, பிறகு நிற்கவில்லை.

இருந்தும் ஜனவரியில் அவருக்கு 61,843 ரூபாய் கிடைத்தது, வலையும் வாங்கினார். பொருந்தாத திட்டத்திலும் மனிதர் சேர்த்துவிட்டார். தாமதத்துக்கு அஞ்சியே டிசம்பரில் கடன் வாங்கித் தவணை கட்டினார் என்பது வங்கிப் புத்தகத்தில் தெரியாது.

இடம் மாற்றியபோது

இரண்டாம் ஆண்டு ஜனவரியில் அந்தோணி ஆர்.டி.யைப் புதுப்பிக்கவில்லை. பங்கு நன்றாக வரும்போதெல்லாம் 10,000 ரூபாய்க்கு ஒரு எஃப்.டி. என்று வைத்துக்கொண்டார். பல வங்கிகளில் 1,000 ரூபாயிலிருந்தே எஃப்.டி. போடலாம். செல்போன் செயலியிலேயே திறக்கலாம், கிளைக்குப் போக வேண்டியதில்லை. ஜனவரியில் 10,000, மார்ச்சில் 10,000, ஜூலையில் இரண்டு பத்தாயிரம், ஆகஸ்டில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் எதுவும் இல்லை, அக்டோபருக்குப் பிறகும் இல்லை. கட்டாமல் விட்டதற்கு அபராதமும் இல்லை, ஏனென்றால் விட்டது என்று சொல்ல அங்கே தவணையே கிடையாது.

அடுத்த ஜனவரியில் கணக்குப் பார்த்தால் சேர்ந்த வட்டி சுமார் 2,360 ரூபாய். முந்தைய ஆண்டு அபராதம் போகக் கிடைத்தது 1,843. இந்த ஐந்நூறு ரூபாய் விகிதத்தால் வந்ததல்ல. பணம் வந்த மாதத்திலேயே உள்ளே போனதாலும், அபராதம் இல்லாததாலும் வந்தது.

ஆறு எஃப்.டி.களாகப் பிரித்ததற்கு இன்னொரு பயன் உண்டு. 60,000 ரூபாயை ஒரே எஃப்.டி.யாகப் போட்டவர், அவசரத்துக்குப் பத்தாயிரம் வேண்டும் என்றால் பெரும்பாலும் முழுவதையும் உடைக்க வேண்டும். ஆறு துண்டாக இருந்தால் ஒன்றை மட்டும் உடைக்கலாம். உடைத்தால் என்ன ஆகும்? ஓராண்டுக்கு 6.5 சதவீதம் என்று போட்டதை ஐந்து மாதத்தில் உடைத்தால் 6.5 கிடைக்காது. போட்ட அன்று ஐந்து மாதத்துக்கு என்ன விகிதம் இருந்ததோ அது, அதிலும் அபராதமாக அரை சதவீதம் அல்லது ஒரு சதவீதம் குறைத்து. ஐந்து மாத விகிதம் 5 என்றும் அபராதம் அரை சதவீதம் என்றும் வைத்தால், 10,000-க்குக் கிடைப்பது 187 ரூபாய் சொச்சம். அசலில் கை வைக்க மாட்டார்கள். மற்ற ஐந்தும் முழு வட்டியோடு ஓடிக்கொண்டிருக்கும்.

சில வாரங்களுக்கு மட்டும் பணம் தேவை என்றால் உடைப்பதே தவறு. எஃப்.டி.யை ஈடாக வைத்து அதே வங்கியில் கடன் கிடைக்கும். வட்டி பொதுவாக எஃப்.டி. விகிதத்தைவிட ஒன்று அல்லது இரண்டு சதவீதம் அதிகம். 10,000 ரூபாயை 7.5 சதவீதத்தில் 20 நாள் வாங்கினால் செலவு 41 ரூபாய். ஆர்.டி.யின் மேலும் இதேபோல் கடன் வாங்கலாம். கரையில் பத்து ரூபாய் வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் பத்து, கேட்பவரிடம் போகும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதிர்வுத் தேதியையும் அந்தோணி கடலைப் பார்த்தே வைத்தார். ஜூலை 1 அன்று போட்ட இரண்டில் ஒன்றை ஓராண்டுக்குப் போடாமல் 304 நாளுக்குப் போட்டார். அது மே 1 அன்று, தடைக்காலத்தின் நடுவே கைக்கு வரும். எஃப்.டி.யை ஆண்டுக் கணக்கில்தான் போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நாள் கணக்கிலும் போடலாம், குறைந்தது 7 நாள். ஓராண்டுக்குக் குறைந்தால் விகிதம் கொஞ்சம் இறங்கும். 6 சதவீதம் என்று வைத்தால் அந்தப் பத்தாயிரத்துக்கு வட்டி ஐந்நூறுக்குச் சற்று மேல். படகுக்காரரிடம் முன்பணம் வாங்காமல் மே மாதம் ஓடினால், ஜூன் பங்கு முழுதாக வீட்டுக்கு வரும். அந்த லாபத்தை எந்த வட்டி அட்டவணையிலும் பார்க்க முடியாது.

எஃப்.டி. திறக்கும்போது செயலி கேட்கும் இரண்டு கேள்விகளில் முதல்முறை போடுகிறவர்கள் தவறுவார்கள். ஒன்று, வட்டியை மாதந்தோறும் அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்குவதா, கடைசியில் மொத்தமாகவா என்பது. சேர்ப்பதற்காகப் போடுகிறவர் கடைசியில் மொத்தமாக வாங்குவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் வட்டி சேமிப்புக் கணக்குக்கு வந்து கரைந்துபோகும், கூட்டுவட்டியும் இல்லை. இரண்டு, முதிர்வில் தானாகப் புதுப்பிப்பதா என்பது. மே 1 அன்று செலவுக்கு வேண்டிய பணத்துக்குத் தானாகப் புதுப்பி என்று விட்டால், அது இன்னொரு 304 நாளுக்குப் பூட்டிக்கொள்ளும், அன்றைய விகிதத்தில். அதற்கு 'சேமிப்புக் கணக்கில் வரவு வை' என்பதே சரி. தேதி நெருக்கமில்லாத மற்றவற்றுக்குப் புதுப்பிக்கச் சொல்வதே மேல். ஏனென்றால் எந்த உத்தரவும் இல்லாமல் முதிர்ந்து கிடக்கும் எஃப்.டி.க்கு, 2021 ஜூலையில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, சேமிப்புக் கணக்கு வட்டி அல்லது ஒப்பந்த வட்டி, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும்.

வாரிசு நியமனத்தை ஒவ்வொரு எஃப்.டி.க்கும் தனியாகப் பார்க்க வேண்டும். சேமிப்புக் கணக்கில் மனைவி பெயரைக் கொடுத்தாயிற்றே என்று விடக் கூடாது. செயலியில் திறக்கும்போது அது தானாக வருகிறதா, காலியாக இருக்கிறதா என்று ரசீதில் பார்த்துக்கொள்ளலாம். கடலுக்குப் போகிறவர் வீட்டில் இது வெறும் படிவச் சடங்கல்ல.

அந்தோணியின் முறையில் ஒரு பலவீனம் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. ஆர்.டி. தொடங்கிய நாளின் விகிதம் கடைசித் தவணை வரை மாறாது. துண்டு எஃப்.டி.க்கு அந்தந்த நாளின் விகிதம்தான். 2025 பிப்ரவரிக்கும் டிசம்பருக்கும் இடையே ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தை 6.50-லிருந்து 5.25 சதவீதமாகக் குறைத்தது, வங்கிகளும் வைப்பு வட்டியை இறக்கின. அந்த ஆண்டு ஜனவரியில் ஆர்.டி. தொடங்கியவர்களின் டிசம்பர் தவணைக்கும் ஜனவரி விகிதமே கிடைத்தது. துண்டு துண்டாக எஃப்.டி. போட்டவர்களுக்கு ஒவ்வொரு துண்டுக்கும் குறைந்துகொண்டே வந்தது. வட்டி ஏறும் காலத்தில் இது தலைகீழாகும். அந்தோணியைப் போன்றவர்களுக்கு இந்த வேறுபாடு ஆண்டுக்கு சில பத்து ரூபாய்கள்தான், ஆகவே முடிவை மாற்றாது.

ரோஸ்லின் கணக்கு

ரோஸ்லினுக்கு எதிர்த்திசை. கையில் மொத்தமாக இருந்த 41,000 ரூபாயை அப்போதே எஃப்.டி. போட்டார், 18 மாதத்துக்கு. மறு ஆண்டு ஜூலையில்தான் கல்லூரிக் கட்டணம். மாதச் சம்பளத்திலிருந்து ஆர்.டி. கட்டினார். மொத்தத்துக்கு ஒரு திட்டம், மாத வரவுக்கு இன்னொன்று.

ஆர்.டி.யை 5,000 ரூபாய்க்கு ஒன்றாகப் போடவில்லை. 3,000-க்கு ஒன்று, 2,000-க்கு ஒன்று. வட்டியில் ஒரு பைசா வித்தியாசமில்லை. ஆனால் ஏதாவது ஒரு மாதம் தாங்க முடியாமல் போனால் சிறியதை மட்டும் மூடிவிட்டுப் பெரியதைத் தொடரலாம். 14,000 சம்பளத்தில் 5,000 என்பது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் உற்சாகத்தில் போடும் தொகை பத்தாவது மாதம் கழுத்தை நெரிக்கும். தொடங்கிய ஆர்.டி.யின் தவணைத் தொகையை இடையில் குறைக்க முடியாது.

பிடித்தத் தேதியை 12 என்று வைத்தார். பள்ளியில் சம்பளம் 5-ஆம் தேதி வரும் என்பது எழுத்தில், சில மாதம் 9 ஆகிவிடும். சம்பளத் தேதி அன்றே பிடித்தம் வைப்பவர்கள்தான் ஆண்டுக்கு ஓரிரு முறை தோற்ற பிடித்தத்துக்குக் கட்டணம் கொடுப்பவர்கள். பிடித்தம் தோற்றுவிட்டாலும் அதே மாதக் கடைசிக்குள் தாமாகவே கட்டிவிட்டால் பல வங்கிகள் அதைத் தாமதமாக எண்ணுவதில்லை. இதைத் தம் வங்கியில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பன்னிரண்டு தவணையும் தவறாமல் போனால் ஆர்.டி. இரண்டும் சேர்ந்து ஜனவரியில் 62,143 தரும். அதைச் சேமிப்புக் கணக்கில் விடாமல் ஐந்து மாத எஃப்.டி.யாக மாற்றுவது அவர் திட்டம். 41,000 ரூபாய் 18 மாதத்தில் 45,163 ஆகும். ஐந்து மாத வட்டியைச் சேர்க்காமலேயே மொத்தம் 1,07,306.

"பிடிச்சுட்டா போயிருச்சுன்னு நெனச்சுக்கிறேன் அண்ணே. கையில வர்றதே ஒன்பதாயிரந்தான்னு" என்பது ரோஸ்லின் சொன்ன விளக்கம்.

வரியைப் பற்றி இருவரும் பயந்தார்கள், தேவையில்லை. 2025 ஏப்ரல் முதல், ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் வங்கி வரி பிடிக்கும், மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சம். எஃப்.டி., ஆர்.டி. இரண்டுக்கும் இதுவே.

அஞ்சலக ஆர்.டி.யை என்ன செய்வது

இந்தக் கரையில் ஆர்.டி. என்றாலே பலருக்கு அஞ்சலக ஆர்.டி.தான். வீட்டுக்கே வந்து வாங்கிப்போகும் மகளிர் முகவர்கள் உண்டு. 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம். வட்டி 2023 அக்டோபர் முதல் 6.7 சதவீதமாக அறிவிக்கப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு மறுபரிசீலனை செய்யும், தொடங்கிய கணக்குக்குத் தொடங்கிய விகிதமே. அந்த விகிதத்தில் மாதம் 1,000 கட்டினால் முடிவில் ஏறக்குறைய 71,366 வரும். ஆனால் அதன் காலம் ஐந்து ஆண்டு, 60 தவணை. ஓராண்டுக்கு என்று கிடையாது. மூன்று ஆண்டு முடியும்வரை மூடவே முடியாது. அதன்பிறகு மூடினாலும், ஐந்தாம் ஆண்டு நிறைய ஒரு நாள் பாக்கி இருந்தாலும், கிடைப்பது அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு வட்டியான 4 சதவீதம். வலைக்கும் பி.எட்.டுக்கும் பணம் சேர்க்கிறவர்களுக்கு ஆகாததற்கு இந்த ஒரு விதியே போதும். பெண் குழந்தையின் கல்லூரிப் படிப்பு போன்று ஐந்து ஆண்டு தள்ளி நிற்கும் தேவைக்கு இது நல்ல திட்டம். பணம் நெருக்கினால், ஓராண்டு ஓடி 12 தவணை கட்டிய பின் இருப்பில் பாதி வரை கடன் கிடைக்கும்.

மீனவர் வீட்டில் இதை எடுத்தால் இரண்டு விதிகள் மனதில் இருக்க வேண்டும். தவறிய தவணைக்கு 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் கட்டணம். அது வங்கியைவிடக் குறைவு. ஆனால் நான்கு தவணை கட்டாமல் நின்றுவிட்டால் கணக்கு முடங்கும், நான்காவது தவறியதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் உயிர்ப்பிக்க வேண்டும். மே, ஜூன் தவறி, அவற்றைக் கட்டாமலேயே நவம்பர், டிசம்பரும் தவறினால் நான்கு ஆகிவிடும். மற்றொன்று அந்தோணிக்கு வங்கியில் கிடைக்காதது: முன்கூட்டிக் கட்டுவதற்குத் தள்ளுபடி. ஆறு தவணையை ஒன்றாக முன்னதாகக் கட்டினால் 100 ரூபாய்த் தவணைக்கு 10 ரூபாய், பன்னிரண்டுக்கு 40 ரூபாய். 1,000 ரூபாய்த் தவணைக்கு ஆறு மாதம் முன்கூட்டிக் கட்டினால் 100 ரூபாய் குறையும். மார்ச்சில் பங்கு நன்றாக இருந்தால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிவிட்டுத் தடைக்காலத்தைக் கவலையில்லாமல் கடக்கலாம்.

கணக்கை மாதத்தின் 15-ஆம் தேதிக்குள் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் தவணை போக வேண்டும். 16 அல்லது அதற்குப் பிறகு தொடங்கினால் மாதத்தின் கடைசி வேலைநாள் வரை நேரம் உண்டு. பதினாறாம் தேதிக்குப் பிறகு போய்த் தொடங்குவது நல்லது என்று முகவர்கள் சொல்வதன் காரணம் இதுதான். முகவரிடம் பணம் கொடுப்பவர்கள் அவருடைய அட்டையில் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்தக் கூடாது. அஞ்சலகப் புத்தகத்தில் பதிவானதை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். முகவர் தாமதமாகக் கட்டினால் தவறியது உங்கள் தவணை.

கடைசியாக, எங்கே போடுவது என்பது. வணிக வங்கியிலும் கூட்டுறவு வங்கியிலும் உள்ள வைப்புக்கு, ஒருவருக்கு ஒரு வங்கியில் வட்டி உட்பட 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி முதல் இந்த வரம்பு. ஆனால் ஊரில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் இதில் சேராது, பெயரில் வங்கி என்று எழுதியிருந்தாலும். கூடுதல் வட்டி சொல்லும் நிதி நிறுவனங்களும் ஏலச்சீட்டும் சேராது. அந்தோணியிடம் ஒருவர் 9 சதவீதம் தருவதாக ஒரு சங்கத்தின் பெயரைச் சொன்னார். ஆறு பத்தாயிரத்துக்கு அது ஆண்டுக்கு 1,500 ரூபாய் கூடுதல். வைப்புக் காப்பீட்டில் அந்தச் சங்கம் இருக்கிறதா என்று அவர் கேட்டார். பதில் வரவில்லை, அவரும் போடவில்லை.